பிளாட்பாரத்துக்கும் ரயிலுக்கும் நடுவே

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதி ஊருக்குக் கிளம்பிவிடும். ஒன்றரை நாள் பயணம். வழியில் தண்ணீருக்கும் டிபனுக்கும் இறங்கி ஏறாதவர் யார்? அதனால்தான், ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் சொன்ன சம்பவத்தை இங்கே எழுதுகிறேன்.

1996இல் ஒரு நடுநிசி. தெற்கே போகும் எக்ஸ்பிரஸ் இரண்டு நிமிடம் நின்று புறப்பட்டுவிட்டது. நண்பர் பிளாட்பாரத்தில் நின்று பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கிறார். குழாயடியிலிருந்து ஒருவர் கையில் கூஜாவோடு ஓடி வந்தார். கைப்பிடியைப் பிடித்தார், கால் வழுக்கியது, ஆளைக் காணோம்.

"நாலடி எட்டத்தில் நின்ற எனக்கே, அவர் விழுந்தது தெரியவில்லை ஐயா. கூஜா உருண்ட சத்தம்தான் கேட்டது" என்றார். உடனே விளக்கைச் சிவப்புக்குத் திருப்பி ஆட்டினார். கடைசிப் பெட்டியில் இருந்த கார்டு பார்த்துவிட்டு பிரேக் வால்வைத் திறந்தார். வண்டி நிற்பதற்குள் மூன்று பெட்டிகள் அந்த இடத்தைக் கடந்துவிட்டன. நண்பர் டிரைவருக்கும் கார்டுக்கும் ஆள் அனுப்பி, "நான் சொல்லாமல் வண்டி ஒரு அங்குலம்கூட நகரக்கூடாது" என்று சொல்லச் சொன்னார். பிறகு குனிந்து டார்ச் அடித்தார். விழுந்தவர் சுவரை ஒட்டி ஒருக்களித்துப் படுத்திருந்தார். தோள் எலும்பு முறிந்திருந்தது, உயிர் இருந்தது. அசையாமல் கிடந்ததுதான் அவரைக் காப்பாற்றியது.

"இவ்வளவு சிறிய சந்தில் ஆள் எப்படி விழுவார்?" என்று பலரும் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். உயரமான பிளாட்பாரத்தின் விளிம்பு, பாதையின் நடுக்கோட்டிலிருந்து 1670 முதல் 1680 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. பெட்டியின் பாதி அகலம் சுமார் 1620. மிச்சம் ஐந்தாறு சென்டிமீட்டர்தான். ஆனால் வாசலில் படிகள் உள்வாங்கி இருக்கின்றன. அந்த இடத்தில் சந்து அகன்றுவிடுகிறது. பெட்டிக்கு அடியிலோ, தண்டவாளத்துக்கும் பிளாட்பாரச் சுவருக்கும் நடுவே இரண்டரை அடிக்கு மேல் பள்ளம். நாம் ஏறி இறங்கும் இடமும் ஆபத்தான இடமும் ஒன்றே.

இன்னொன்று கை. மணிக்கு 15 கிலோமீட்டர் என்றால் மெதுவாகப் போவதாகத்தான் தோன்றும். ஆனால் ஒரு விநாடிக்கு நாலு மீட்டர். கால் தரையில் தங்கிவிடும், கைப்பிடி முன்னே போய்விடும். பயத்தில் யாரும் பிடியை விடுவதில்லை. பிடித்த கையே உடம்பைச் சுழற்றி, கால்களைப் பெட்டிக்கு அடியில் தள்ளுகிறது. கால் வழுக்கிய கணமே கையை விட்டால் பெரும்பாலும் பிளாட்பாரத்தில்தான் விழுவோம். முழங்கால் சிராய்க்கும், அவ்வளவே.

பயணியின் அவசரம்தான் காரணம் என்று இதை முடித்துவிட என் மனம் ஒப்பவில்லை. இத்தகைய பிளாட்பாரத்தின் உயரம் தண்டவாள மட்டத்திலிருந்து 760 முதல் 840 மி.மீ. வரை இருக்க வேண்டும். பெட்டியின் தரையோ 1200க்கும் மேல். இந்த வித்தியாசமே ஒரு பெரிய படி. பராமரிப்பின்போது ஜல்லி போட்டுப் பாதையை உயர்த்துகிறோம். பிளாட்பாரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பாதை இரண்டு அங்குலம் ஏறினால் பிளாட்பாரம் இரண்டு அங்குலம் தாழ்ந்ததாகத்தான் அர்த்தம். பாதை வேலை முடிந்ததும் பிளாட்பார உயரத்தையும் அளந்து எழுதிவைப்பது அரைமணி வேலை. இதை எல்லா இடத்திலும் தவறாமல் செய்ய வேண்டும் என்பதே என் கட்சி. 2014 ஜனவரியில் மும்பை காட்கோபர் நிலையத்தில் ஒரு மாணவி இப்படி விழுந்து இரு கைகளையும் இழந்தார். நீதிமன்றம் தலையிட்ட பின்தான் அங்கே புறநகர் பிளாட்பாரங்களை உயர்த்தும் வேலை வேகம் பிடித்தது. ஒரு பெண்ணின் கைகள் போன பிறகுதானா அளவுகோலை எடுக்க வேண்டும்?

சட்டமும் இப்படிப்பட்ட விபத்தைப் பயணியின் குற்றமாக மட்டும் பார்க்கவில்லை. ஏறும்போதோ இறங்கும்போதோ விழுந்து அடிபட்டால், கவனக்குறைவைக் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று 2018இல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அப்படி நேர்ந்தால், டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஸ்டேஷன் மாஸ்டரிடம் எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். நண்பர் அன்றிரவே எழுதிய அறிக்கைதான் அந்த மனிதருக்குப் பின்னால் கைகொடுத்தது.

"அவர் எதற்காக ஓடினார் தெரியுமா? குழந்தை தண்ணீர் கேட்டதாம்" என்று நண்பர் முடித்தார். இனி ஊருக்குப் போகும்போது தண்ணீரை வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். வண்டி நகர்ந்துவிட்டால் விட்டுவிடுங்கள். ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொன்னால், அடுத்த நிலையத்தில் உங்கள் குடும்பத்தாருக்குத் தகவல் போய்ச் சேரும்.