நாலு தடையியும் ஒரு பிடிவாதமும்

கொழுந்துத் தராசு பற்றிய என் குறிப்புக்கு நண்பர் ஒருவர் சூடாக மறுப்பு எழுதியிருக்கிறார். ஒரு ஒப் ஆம்பும் நாலு தடையியும் செய்யும் வேலைக்கு மூன்று ஒப் ஆம்ப் எதற்கு, இது பாடப்புத்தக ஆடம்பரம், மிச்சப் பிழையை பூச்சியப் பொத்தான் அழித்துவிடும் என்பது அவர் கட்சி. யட்டியாந்தோட்டையிலிருந்து இறக்குவானை வரை எந்தக் கொழுந்து மடுவத்திலும் ஒரு பகல் நின்று பார்த்தவர் இப்படி எழுதமாட்டார். உயர்தரப் பௌதிகவியலில் ‘செயற்பாட்டு விரியலாக்கி’ என்ற அலகை மனப்பாடம் செய்தவர் எழுதுவார்.

முதலில், தராசின் லோட் செல் நமக்கு எவ்வளவு தருகிறது என்று பார்ப்போம். 50 கிலோ செல், வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் வகை, 5 வோல்ட்டில் ஓடுகிறது. 50 கிலோ ஏற்றினால் கிடைப்பது 10 மில்லிவோல்ட். அதாவது ஒரு கிலோவுக்கு 200 மைக்ரோவோல்ட், 100 கிராமுக்கு வெறும் 20 மைக்ரோவோல்ட். இந்தச் சின்ன வித்தியாசம் தனியாக வருவதில்லை. செல்லுக்குள் இருப்பது நாலு கை கொண்ட பாலம் என்பதால், வெளியே வரும் இரண்டு கம்பியும் நிலத்திலிருந்து 2.5 வோல்ட் உயரத்தில் நிற்கின்றன. இரண்டுக்கும் பொதுவான அந்த 2.5 வோல்ட்டைத் தள்ளிவிட்டு, நடுவில் உள்ள 20 மைக்ரோவோல்ட்டை எடுக்கவேண்டும். வேலை இவ்வளவுதான், ஆனால் பொதுப் பங்கு நாம் தேடுவதைப்போல ஒரு லட்சத்து இருபத்தையாயிரம் மடங்கு.

இதற்கு நண்பர் தரும் சுற்று: எல்எம் 358, நுழைவில் 1 கிலோ ஓம், பின்னூட்டில் 250 கிலோ ஓம், எல்லாம் 1 சதவீதத் தடையிகள். 250 மடங்கு பெருக்கம் கிடைக்கும் என்கிறார். கிடைக்காது. 350 ஓம் பாலத்தின் ஒவ்வொரு கம்பிக்குப் பின்னாலும் 175 ஓம் ஒளிந்திருக்கிறது. அது அவருடைய 1 கிலோ ஓமோடு தொடராகச் சேர்ந்துகொள்கிறது. ஆகவே பெருக்கம் 250,000/1175, சுமார் 213. காகிதத்தில் போட்ட கணக்கில் 15 சதவீதம் கரைந்துவிட்டது. திருத்திக்கொள்ளலாமே என்பார். திருத்தலாம். ஆனால் ஈரம் ஏறி செல் பழுதாகி வேறொன்று மாட்டும் நாளில், அதன் ஓம் அளவு வேறாக இருந்தால் பெருக்கமும் வேறாகும். விரியலாக்கியின் பெருக்கத்தில் லோட் செல்லும் பங்காளியாகிவிட்ட சுற்று இது. நுழைவுத் தடையியை 10 கிலோ ஓம் ஆக்கினால் தப்பலாம் என்று நினைத்தால், எல்எம் 358இன் இரு நுழைவுகளிலும் ஓடும் சிறு மின்னோட்டங்களின் வித்தியாசம், 5 நானோ அம்பியர் என்றே வைத்தாலும், 50 மைக்ரோவோல்ட்டாக நிற்கும். அது கால் கிலோ.

இனி அந்தப் பொத்தானுக்கு வருவோம். நாலு தடையியும் 1 சதவீதம் ஆளுக்கொரு பக்கம் விலகினால், மோசமான நிலையில் 2.5 வோல்ட்டின் 6275இல் ஒரு பங்கு உள்ளே கசியும். 400 மைக்ரோவோல்ட், அதாவது கொழுந்தே இல்லாமல் 2 கிலோ. காலையில் பொத்தானை அழுத்தினால் அது மறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மடுவத்துத் தகரம் பத்து மணிக்குமேல் காயத் தொடங்கும். ஒரே ஒரு தடையி மற்ற மூன்றைவிட்டு 0.2 சதவீதம் நகர்ந்தாலே 100 கிராம் பிறழும். எல்எம் 358இன் சொந்த நழுவல் பாகைக்கு வழக்கமாக 7 மைக்ரோவோல்ட். பத்துப் பாகை ஏறினால் 350 கிராம். பொத்தான் காலைப் பிழையை மட்டுமே அறியும், மத்தியானப் பிழை அதற்குத் தெரியாது. 18 கிலோவுக்கு முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர் என்று வைத்திருக்கும் தோட்டத்தில், 18.2 கிலோ கொண்டுவந்த அக்காவிடம் “நழுவல் வழக்கமானதுதான்” என்று நண்பரே நேரில் சொல்லிப் பார்க்கட்டும். தண்ணிக்கும் சாக்குக்கும் கழிக்கிற கிலோ போதாதா?

மூன்று ஒப் ஆம்ப் செய்வது என்ன? முன்னால் இரண்டு நிற்கின்றன. ஒவ்வொரு கம்பியும் நேராக ஒன்றின் நேர்முனைக்குப் போகிறது, அங்கே அதற்குச் சுமையே தெரியாது. அந்த இரண்டின் எதிர்முனைகளையும் Rg என்ற ஒரே தடையி இணைக்கிறது. Rg 200 ஓம், பின்னூட்டுத் தடையிகள் தலா 25 கிலோ ஓம் என்று வைப்போம். 20 கிலோ கொழுந்து தரும் 4 மில்லிவோல்ட் அப்படியே Rg மீது விழுகிறது. 20 மைக்ரோ அம்பியர் ஓடுகிறது. அதே மின்னோட்டம் இரு 25 கிலோ ஓமிலும் ஓடியாகவேண்டும், ஆக இரு வெளியீடுகளுக்கும் நடுவே 1.004 வோல்ட். பெருக்கம் 251.

பொதுவான 2.5 வோல்ட்டுக்கு என்ன ஆகிறது? Rgயின் இரு முனையும் ஒரே உயரத்தில் இருப்பதால் அதில் மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் இல்லாத இடத்தில் பெருக்கமும் இல்லை. 2.5 வோல்ட் 2.5 ஆகவே மறுபக்கம் வருகிறது. அந்த இரண்டு 25 கிலோ ஓமும் சமமில்லாமல் போனாலும் இது மாறாது, பெருக்கம்தான் சற்று மாறும். மூன்றாவது ஒப் ஆம்ப் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறது. அது கழிக்கும்போது வித்தியாசம் ஏற்கெனவே வளர்ந்துவிட்டது, பொதுப் பங்கு வளரவில்லை.

மூன்று ஒப் ஆம்ப் இருந்தாலே போதும் என்று எங்கள் பக்கத்து ஆட்களும் ஒரு பொய் சொல்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கிய அதே 1 சதவீதத் தடையிகளாலும் எல்எம் 358ஆலும் மூன்று ஒப் ஆம்ப் சுற்றைக் கையால் கட்டினால், மூன்றாவது கட்டம் மோசமான நிலையில் 50இல் ஒரு பங்கைக் கசியவிடும். முன்கட்டப் பெருக்கத்தோடு சேர்த்தால் 12,550இல் ஒரு பங்கு. நண்பருடையதைவிட இரண்டு மடங்கு நல்லது, அவ்வளவே. வெப்ப நழுவலும் போகாது. நண்பர் இதைப் பிடித்திருந்தால் நான் திணறியிருப்பேன். அவர் விலையைப் பிடித்தார்.

அமைப்பின் பலன் முழுதாகக் கிடைப்பது, ஒரே சிலிக்கன் துண்டில் தடையிகளை லேசரால் சீவிப் பொருத்திய சில்லில். ஐஎன்ஏ 128 அப்படிப்பட்டது. நாம் வெளியில் மாட்டவேண்டியது Rg மட்டும்: `G = 1 + 50000/Rg`. 100 மடங்குக்கு மேல் அதன் பொதுப் பங்கு விலக்கல் குறைந்தது 120 டெசிபெல், பத்து லட்சத்தில் ஒன்று. 2.5 வோல்ட் 2.5 மைக்ரோவோல்ட்டாகச் சுருங்கும். சுமார் 12 கிராம். நழுவல் பாகைக்கு அதிகபட்சம் அரை மைக்ரோவோல்ட்டை ஒட்டியது, பத்துப் பாகைக்கு 25 கிராம்.

இதற்கும் ஒரு கள்ளத்தனம் உண்டு, நான் பட்டேன். 5 வோல்ட்டில் மட்டும் ஓட்டினேன். 40 கிலோவையும் அழகாக நிறுத்தது, இன்னும் ஏற்றிக்கொண்டே போனால் குறைத்துக் காட்டியது. கடைசி வெளியீட்டை அளந்தால் மேலே போக இன்னும் இடம் இருந்தது. குற்றம் முன்கட்டத்தில். முழுச் சுமையில் முன் ஒப் ஆம்ப் ஒன்று 2.5க்கு மேல் இன்னும் 1.25 ஏறி 3.75 வோல்ட்டைத் தொடவேண்டும், அதன் கூரையோ 3.6ஐ ஒட்டி. 44 கிலோவில் தலை முட்டுகிறது. Rgயை 300 ஓம் ஆக்கியதும் சரியானது.

நண்பருக்கு இனி வாதம் வேண்டாம், ஒரு சோதனை போதும். லோட் செல்லைக் கழற்றிவிட்டு, விரியலாக்கியின் இரு நுழைவையும் ஒன்றாக முறுக்கி, ஒரு பொட்டென்ஷியோமீட்டரிலிருந்து 2.5 வோல்ட் கொடுக்கட்டும். பொத்தானை அழுத்திப் பூச்சியம் ஆக்கட்டும். பிறகு 2.2க்கு இறக்கட்டும். வித்தியாசம் எதுவும் கொடுக்கப்படவில்லை, ஆகவே காட்சி நகரக்கூடாது. ஐஎன்ஏ 128இல் ஒன்றிரண்டு கிராம் நகரும். அவருடைய நாலு தடையிச் சுற்றில், தடையிகள் மோசமாக வாய்த்திருந்தால், 240 கிராம் வரை போகும். முடிவை எழுதும்போது தடையி வாங்கிய பற்றுச்சீட்டையும் இணைக்கட்டும். எவ்வளவு மிச்சம் பிடித்தார் என்று நாங்களும் பார்க்கிறோம்.