நிலுவைப் பட்டியலில் இல்லாத பெண்

கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பதிவேடு தயாரிக்கும்போது, மருத்துவமனைத் தாள்களைத் தேதி வரிசையில் தட்டச்சு செய்துவிட்டால் வேலை முடிந்ததாகக் கருதப்படுகிறது. அவ்வாறு உருவாவது தாள்களின் பட்டியலே. பெண்களின் பதிவேடு அதிலிருந்து வேறானது.

2016இல் வெளியான மத்திய அரசின் நடைமுறை நெறிகள், 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை வி.ஐ.ஏ. சோதனையைப் பரிந்துரைக்கின்றன. கருப்பை வாயில் அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, வெள்ளைத் திட்டு தோன்றுகிறதா என்று கண்ணால் பார்ப்பதே அச்சோதனை. ஐந்தாண்டு இடைவெளி, ‘நெகட்டிவ்’ முடிவு பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது. பதிவேட்டில் நேரும் பெரும்பிழை இங்கேதான் தொடங்குகிறது.

ஸ்ரீரங்கப்பட்டண வட்டத்தில் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். 12.3.2019 அன்று அவருக்கு வி.ஐ.ஏ. நெகட்டிவ். 5.8.2022 அன்று வேறொரு முகாமில் பாசிட்டிவ். மேல் பரிசோதனைக்கு அனுப்பப்படுகிறார். அதன்பின் தாள் எதுவும் இல்லை. கடைசிச் சோதனைத் தேதியுடன் ஐந்தாண்டுகளைக் கூட்டும் பதிவேட்டில், அவருடைய அடுத்த தேதி 5.8.2027. அதுவரை நிலுவைப் பட்டியலில் அவர் பெயர் வராது. உண்மையில் அவர் 2022 ஆகஸ்ட் முதலே நிலுவையில் இருக்கிறார். யாரை முதலில் தேட வேண்டுமோ, அவரையே பதிவேடு மறைத்துவிடுகிறது.

ஊரின் அமைப்பு இதை மேலும் சிக்கலாக்குகிறது. இவ்வட்டம் மாண்டியா மாவட்டத்தைச் சேர்ந்தது. மைசூரு நகரமோ மிக அருகில். மேல் சிகிச்சைக்கு அப்பெண் மைசூருக்குச் சென்றிருந்தால், சிகிச்சைத் தாள் வேறொரு மாவட்டத்தில் தங்கிவிடும். ஆகவே தாள் இல்லை என்பதற்குச் சிகிச்சை இல்லை என்று பொருளில்லை. நேரில் விசாரித்தே அறிய வேண்டும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு, ஒரே ஒரு முறை செய்த வி.ஐ.ஏ. சோதனையால் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. அங்கே பாசிட்டிவ் பெற்றவர்களுக்கு மேல் பரிசோதனையும், தேவைப்பட்டோருக்கு உறைநிலைச் சிகிச்சையும் அதே வருகையில் கிடைத்தன. பரிசோதனையும் சிகிச்சையும் வெவ்வேறு ஊர்களில் நடக்கும் இடத்தில், அந்த இடைவெளியை அடைக்கப் பதிவேடு ஒன்றே உண்டு.

எனவே பெண் ஒருவருக்கு ஒரு வரி. அடுத்த தேதி முடிவிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும். முடிவு எழுதப்படாத தாளை நெகட்டிவ் என்று கொள்ளலாகாது. கருப்பை அகற்றப்பட்டோர், இறந்தோர், இடம்பெயர்ந்தோர் ஆகியோருக்குத் தனிக் குறியீடு வேண்டும். நிலுவையும் இரண்டாகப் பிரிய வேண்டும்: மறுசோதனைக்குக் காத்திருப்போர், பாசிட்டிவ் முடிவுக்குப் பின் காணாமற்போனோர். எண்ணிக்கையில் பின்னது சிறியதாகவே இருக்கும். சுகாதாரப் பணியாளர் முதலில் கையில் எடுக்க வேண்டிய பட்டியல் அதுவே.