ஸ்கேன் ரிப்போர்ட் நார்மல்... அப்புறமும் ஏன் பதறுது மனசு?

ஜி2 பி1 எல்0. கர்ப்பிணிகளின் ஃபைலில் முதல் பக்கத்திலேயே இப்படி ஒரு குறிப்பு இருக்கும். இது இரண்டாவது கர்ப்பம், ஏற்கெனவே ஒரு பிரசவம் ஆகியிருக்கிறது, உயிரோடு இருக்கும் குழந்தை பூஜ்யம் என்று அர்த்தம். ஒவ்வொரு செக்கப்பிலும் ஃபைலைப் பிரிக்கும் நர்ஸ், ‘முதல் குழந்தைக்கு என்னாச்சும்மா?’ என்று கேட்பார். பதில் சொல்லிவிட்டு, பி.பி பார்க்கக் கையை நீட்ட வேண்டும். அப்போது பி.பி ஏறாமல் இருந்தால்தான் ஆச்சர்யம்!

ஈரோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகி நமக்கு எழுதியிருந்தார். வயது 29. முதல் குழந்தை 34-வது வாரத்தில் வயிற்றிலேயே இறந்துவிட்டது. எடை 1.4 கிலோதான் இருந்ததாம். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாததால் வளர்ச்சி குறைந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இப்போது மறுபடியும் கர்ப்பம், 30 வாரம். “மூணு வாரத்துக்கு ஒருமுறைதான் ஸ்கேன் எழுதித் தர்றாங்க. வாராவாரம் எடுத்தா என்ன? வீட்டுலயே குழந்தையோட ஹார்ட் பீட் கேட்குற மெஷின் ஆன்லைன்ல விக்குதே, வாங்கலாமா?” இதுதான் அவர் கேள்வி.

முதல் கேள்விக்கான பதில் ஸ்கேன் மெஷினின் எல்லையில் இருக்கிறது. வளர்ச்சி ஸ்கேனில் குழந்தையை யாரும் தராசில் வைப்பதில்லை. தலை, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு ஆகியவற்றை அளந்து, அதிலிருந்து எடையைக் கணக்கிடுகிறார்கள். இதில் 10, 15 சதவிகிதம் முன்னே பின்னே இருக்கலாம். அதாவது 1,500 கிராம் என்று ரிப்போர்ட் வந்தால், உண்மையான எடை 150, 200 கிராம் கூடவோ குறையவோ இருக்கலாம். 30 வாரத்தையொட்டி ஒரு குழந்தை வாரத்துக்கு ஏறக்குறைய அதே அளவுதான் வளரும். ஆகவே, ஒரே வார இடைவெளியில் எடுத்தால் குழந்தை வளர்ந்ததா, அளவுதான் மாறியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நன்றாக வளரும் குழந்தைகூட ‘வளரவில்லை’ என்று காட்டி, ஒரு வாரத் தூக்கத்தைக் கெடுத்துவிடும். மூன்று வார இடைவெளி வைப்பது அதனால்தான். அதற்குள் சந்தேகம் வந்தால், தொப்புள்கொடியில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேனை வாரம் ஒருமுறையோ, தேவைப்பட்டால் அதைவிட அடிக்கடியோ எடுக்கலாம். அது எடையைப் பார்ப்பதில்லை. நஞ்சுக்கொடி இப்போது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்கிறது.

இந்த ஒப்பீடெல்லாம் சரியாக வர, கர்ப்பத்தின் வாரக் கணக்கு சரியாக இருக்க வேண்டும். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுத்த முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆஸ்பத்திரி மாறினாலும் அது கூடவே வர வேண்டும்.

அடுத்தது என்.எஸ்.டி. வயிற்றில் இரண்டு பெல்ட்டைக் கட்டி, குறைந்தது 20 நிமிடம் குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவுசெய்வார்கள். துடிப்பு வழக்கமாக நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கும். அது அவ்வப்போது 15 துடிப்பு ஏறி, சில விநாடி நின்று இறங்கினால் குழந்தை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஏறவில்லையென்றால் உடனே பயப்பட வேண்டாம். குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம். பதிவை 40 நிமிடம் வரை நீட்டிப் பார்ப்பார்கள். முன்பு குழந்தையை இழந்தவர்களுக்கு இதைப் பெரும்பாலும் 32-வது வாரத்தில், அல்லது போன முறை இழப்பு நடந்த வாரத்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே ஆரம்பிப்பார்கள். நம் வாசகிக்கு இரண்டு கணக்கும் 32-வது வாரத்திலேயே வந்து நிற்கிறது.

இன்றைக்கு நார்மல், நாளைக்கு?

இந்தப் பரிசோதனைகள் எல்லாவற்றுக்கும் ஒரு காலக்கெடு உண்டு. என்.எஸ்.டி அந்த நேரத்து நிலையைச் சொல்லும். அடுத்த வாரத்துக்கு உத்தரவாதம் தராது. ‘ஸ்கேன் முடிஞ்சு ரெண்டு நாள் நிம்மதி, மூணாவது நாள் மறுபடி பயம்’ என்று பல பெண்கள் சொல்வதற்குக் காரணம் மனபலம் குறைவு அல்ல. ரிப்போர்ட் எவ்வளவு சொல்கிறது என்பதை அவர்கள் மனசு சரியாகவே புரிந்து வைத்திருக்கிறது.

இரண்டு செக்கப்புக்கு நடுவே தொடர்ந்து கிடைக்கும் ஒரே தகவல் குழந்தையின் அசைவு. 28 வாரத்துக்குள் அதற்கென ஒரு பழக்கம் வந்துவிடும். சில குழந்தைகள் ராத்திரி சாப்பிட்டதும் துள்ளும், சில குழந்தைகள் விடியற்காலையில். எண்ணிப் பார்க்கச் சொன்னால், இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் 10 அசைவு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால், அந்த எண்ணைவிட, உங்கள் குழந்தையின் வழக்கம் மாறியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். ‘மாசம் ஏற ஏற இடம் பத்தாது, அசைவு குறையத்தான் செய்யும்’ என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். தப்பு. அசைவின் விதம் மாறலாம், உதைப்பது உருளுவதாகலாம். ஆனால், கடைசிவரை குறையக் கூடாது. குறைந்தால், ஜூஸ் குடித்துவிட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, ராத்திரியென்றால் ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்த ஹார்ட் பீட் மெஷின் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். பயிற்சி இல்லாமல் கேட்டால், அம்மாவின் ரத்தக்குழாய்ச் சத்தமே குழந்தையின் துடிப்பு மாதிரி கேட்கலாம். குழந்தையின் துடிப்பாகவே இருந்தாலும், சிரமத்தில் இருக்கும் குழந்தைக்கும் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். ‘சத்தம் கேட்குதே’ என்று அசைவு குறைந்ததை விட்டுவிடுவதுதான் இதில் ஆபத்து.

ஆரம்ப மாதங்களில் கரு கலைந்தவர்களுக்கு இந்தக் கடைசி மாதக் கண்காணிப்பு பெரும்பாலும் தேவைப்படாது. அவர்களுக்கு 7-வது வாரத்தையொட்டி, துடிப்பு தெரிகிறதா என்று பார்க்கும் ஸ்கேன்தான் பெரிய ஆறுதல். முன்பு கரு கலைந்திருந்து இப்போது ரத்தக்கசிவும் இருந்தால், டாக்டர் புரோஜெஸ்ட்ரான் மருந்து தரலாம். மற்றபடி, மாதக்கணக்கில் கட்டிலிலேயே படுத்திருப்பது கருக்கலைவைத் தடுப்பதில்லை.

அந்த 34-வது வாரம்

வாசகியின் கடிதத்தில் கடைசி வரி இது: “34-வது வாரம் வர்றதை நினைச்சாலே கை நடுங்குது. வீட்ல கேட்டா, பழசை நினைக்காதேங்கறாங்க.” நினைக்காதே என்று சொல்வதால் காலண்டர் நகராமல் இருந்துவிடாது. அந்த வாரத்தில் ஒரு செக்கப் வேண்டும் என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு வைக்கலாம். வளைகாப்பை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், வைக்காமலும் விடலாம். குழந்தைக்குத் துணி வாங்க மனசு வரவில்லையென்றால் அதுவும் தப்பில்லை. முதல் குழந்தையைப் பற்றிப் பேச வேண்டும்போல இருந்தால், வீட்டில் ஒருவராவது உட்கார்ந்து கேட்க வேண்டும். பெரும்பாலும் கணவருக்கும் அதே பயம்தான், வெளியே சொல்வதில்லை.

பயத்துக்கும் ஓர் அளவு உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, குழந்தை அசைந்தாலும் எந்த உணர்வும் வரவில்லை, செக்கப்புக்குப் போகவே கால் வரவில்லை என்றால், அதையும் பி.பி மாதிரி ஒரு பிரச்னையாக டாக்டரிடம் சொல்லுங்கள். டெலி மனஸ் இலவச எண் 14416. தமிழில், 24 மணி நேரமும் பேசலாம்.

பிரசவ தேதியையும் இப்போதே பேசி வைப்பது நல்லது. எல்லாம் சரியாக இருந்தால் பொதுவாக 39-வது வாரத்தில் திட்டமிடுவார்கள். வளர்ச்சி குறைந்தாலோ, பி.பி ஏறினாலோ முன்கூட்டியே எடுப்பார்கள். அம்மாவால் பயத்தைத் தாங்கவே முடியவில்லை என்பதையும் டாக்டர்கள் கணக்கில் எடுப்பதுண்டு. ஆனால், 37 வாரத்துக்கு முன்பு எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரலாம், பால் குடிக்கச் சிரமப்படலாம் என்பதால், காரணம் இல்லாமல் அவசரப்பட மாட்டார்கள்.

ராத்திரி 11 மணிக்கு அவசரப் பிரிவுக்குப் போனால் டியூட்டியில் இருப்பவர் புதியவராக இருப்பார். ஃபைலைப் புரட்டும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள்: “இப்ப 33 வாரம். போன தடவை 34 வாரத்துல குழந்தை வயித்துக்குள்ளயே இறந்துடுச்சு. சாயங்காலத்துல இருந்து அசைவு குறைஞ்சிருக்கு.” கூட வருபவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு வாய் வராமல் போகலாம்.