ஒரு மணி நேரத் திருப்புதலில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

யுஜிசி நெட் தேர்வு நெருங்கும்போது பல கல்லூரிகளிலும் பல்கலைக்கழகத் துறைகளிலும் முதல் தாளுக்கென ஒரு மணி நேரத் திருப்புதல் வகுப்பு நடத்தப்படுகிறது. பெரும்பாலும் மூத்த ஆய்வாளர் ஒருவரோ இளம் ஆசிரியர் ஒருவரோ ஊதியமின்றி நடத்துவது அது. பயிற்சி நிறுவனங்களுக்குப் பணம் கட்ட இயலாத மாணவர்க்கு அதுவே கடைசி உதவியாகவும் அமைந்துவிடுகிறது. அந்த ஒரு மணி நேரம் பெரும்பாலும் ஒரே விதமாகவே செலவாகிறது: பத்து அலகுகள், அலகுக்கு ஆறு நிமிடம், வேகமாக நகரும் திரைக்காட்சிகள். வகுப்பு முடியும்போது எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்ற நிறைவு மாணவருக்கு ஏற்படுகிறது. ஆனால் அவர் எந்தத் தவற்றைச் செய்துகொண்டிருந்தாரோ அதே தவற்றுடன்தான் தேர்வறைக்குள் நுழைகிறார்.

இந்த முறை மாற வேண்டும். மாற்றத்திற்கான வழியை வினாத்தாளின் அமைப்பே காட்டுகிறது. முதல் தாளில் 50 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். பாடத்திட்டத்தின் பத்து அலகுகளில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து வினாக்கள் என்பது ஏற்பாடு. எல்லா அலகுகளுக்கும் ஒரே எடை இருக்கும்போது, 'அதிக மதிப்பெண் தரும் பகுதி எது?' என்ற வினாவுக்குப் பாடத்திட்டத்தில் விடை கிடைக்காது. மாணவர்களின் விடைத்தாளில்தான் கிடைக்கும். எந்தத் தவறு பலரிடமும் காணப்படுகிறதோ, எது இருபது நிமிட விளக்கத்தில் திருந்தக்கூடியதோ, அதுவே அந்த ஒரு மணி நேரத்தைப் பொறுத்தவரை அதிக மதிப்பெண் தரும் பகுதி.

அப்படிப்பட்ட தவற்றைக் கண்டறிய வகுப்புக்குச் சில நாள்களுக்கு முன் ஒரு மாதிரித் தேர்வு போதும். ஆனால் எத்தனை பேர் தவறவிட்டனர் என்று மட்டும் எண்ணுவது போதாது. தவறவிட்டவர்கள் எந்த விடையைத் தேர்ந்தனர் என்றும் எண்ண வேண்டும். நாற்பது பேர் எழுதிய தேர்வில் இரண்டு வினாக்களை எடுத்துக்கொள்வோம். முதல் வினாவை 28 பேர் தவறவிட்டனர். அவர்கள் மூன்று தவறான விடைகளிலும் 10, 9, 9 எனப் பரவியிருந்தனர். இரண்டாம் வினாவை 24 பேர்தான் தவறவிட்டனர். ஆனால் அவர்களில் 20 பேர் ஒரே தவறான விடையைக் குறித்திருந்தனர். முதல் வினாவில் காணப்படுவது அறியாமை, மாணவர்கள் ஊகித்திருக்கிறார்கள். இரண்டாம் வினாவில் காணப்படுவது பிழையான புரிதல். அவர்கள் உறுதியாக நம்பித் தவறியிருக்கிறார்கள். அறியாமையைப் போக்கப் பாடத்தை முதலிலிருந்து நடத்த வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் போதாது. பிழையான புரிதலுக்கோ பெரும்பாலும் ஒரே முடிச்சுதான் காரணம், அதை அவிழ்த்துவிடலாம். ஆகவே தவறியோர் தொகை குறைவாயினும் இரண்டாம் வினாவே வகுப்புக்குள் வரத்தக்கது.

தருக்க அலகில் வரும் எதிர்நிலைச் சதுரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 'எல்லா நூலகங்களும் இரவில் திறந்திருக்கும்' என்ற கூற்று பொய் எனக் கொண்டால், உறுதியாக மெய்யாவது எது? 'எந்த நூலகமும் இரவில் திறந்திருப்பதில்லை' என்பதை மாணவர் பலர் தேர்வது வழக்கம். சரியான விடை, 'சில நூலகங்கள் இரவில் திறந்திருப்பதில்லை' என்பதே. முதற்கூற்றைப் பொய்யாக்க இரவில் மூடிய ஒரு நூலகம் போதும். எல்லா நூலகங்களும் மூடியிருக்க வேண்டியதில்லை. 'எல்லாம்', 'எதுவும் இல்லை' ஆகிய இரண்டும் ஒருசேர மெய்யாக இயலாது. ஆனால் ஒருசேரப் பொய்யாகலாம். இந்த உறவைத் தேர்வுத்தாள் 'கான்ட்ரரி' என்கிறது. 'எல்லாம்', 'சில இல்லை' ஆகியவற்றில் ஒன்று மெய்யெனில் மற்றது பொய். ஒன்று பொய்யெனில் மற்றது மெய். இது 'கான்ட்ரடிக்டரி'. இரண்டையும் 'எதிர்' என்ற ஒரே சொல்லால் மனத்தில் பதித்துக்கொண்டவர் தடுமாறுவது இயல்பே. சதுரத்தின் படத்தை மனப்பாடம் செய்யச் சொல்வது இத்தடுமாற்றத்தை நீக்குவதில்லை. 'இதைப் பொய்யாக்கக் குறைந்த அளவு எது போதும்?' என்று கேட்டுப் பழகுவது நீக்குகிறது.

தரவு விளக்க அலகிலும் இதுபோன்ற முடிச்சு ஒன்று உண்டு. ஒரு கல்லூரியில் 200 பேர் தேர்வெழுதி 60 விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றனர். மற்றொன்றில் 800 பேர் எழுதி 40 விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றனர். இரண்டையும் சேர்த்த தேர்ச்சி விழுக்காடு என்ன? 50 என்பது கைதவறி வரும் விடை. தேர்ச்சி பெற்றோர் 120 பேரும் 320 பேருமாக 440 பேர். எழுதியோர் 1000 பேர். ஆகவே விடை 44. எதன் விழுக்காடு என்று கேட்காமல் இரு விழுக்காடுகளைக் கூட்டிப் பாதியாக்குவதே இப்பிழையின் வேர். இதைத் தேர்வறையில் கண்டுகொள்ள ஓர் எளிய சோதனை உண்டு: பெரிய குழுவின் பக்கமே விடை சாய்ந்திருக்க வேண்டும். 800 பேரின் விழுக்காடு 40 என்றிருக்க, நடுவில் நிற்கும் 50 சரியாக இருக்க முடியாது.

இந்த இரண்டு பிழைகளே ஒரு மணி நேரத்துக்குப் போதுமானவை. முதல் எட்டு நிமிடங்களில் மாணவர்கள் பேசாமல் நான்கு வினாக்களுக்கு விடை எழுத வேண்டும்; தம் தவற்றைத் தாமே கண்டவருக்குத்தான் விளக்கம் பயன்படும். அடுத்த இருபது நிமிடங்கள் முதற்பிழைக்கு, பதினெட்டு நிமிடங்கள் இரண்டாவதற்கு. எஞ்சிய பதினான்கில் பத்து நிமிடங்கள் சொற்களும் எண்களும் மாற்றப்பட்ட புதிய வினாக்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். 'எந்த மாணவரும் வரவில்லை' என்பது பொய்யெனில் உறுதியாவது எது என்று திருப்பிக் கேட்டால், புரிந்தவர் யார், முன்னைய விடையை நினைவில் வைத்திருப்பவர் யார் என்பது தெரிந்துவிடும். இறுதி நான்கு நிமிடங்கள் அந்த விடைகளைச் சரிபார்க்கவும் ஒரு நினைவூட்டலுக்கும் உரியவை: நெட் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை; ஆகவே எந்த வினாவையும் விடையின்றி விடுவது வீண்.

உயர்கல்வி அமைப்பு அலகில் வரும் ஆணையங்களும் ஆண்டுகளும் இவ்வகுப்பில் இடம்பெற வேண்டியதில்லை. ராதாகிருஷ்ணன் ஆணையம் 1948இல் அமைக்கப்பட்டது, கோத்தாரி ஆணையம் 1964இல் அமைக்கப்பட்டது என்பனவற்றை வாய்மொழியாகக் கேட்டு எவரும் தெளிவதில்லை. அவை ஒரு பக்கத் தாளில் அச்சிட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டியவை.

தவறுகளையே பேசினால் தவறே மனத்தில் பதியும் என்று சில ஆசிரியர்கள் அஞ்சுவர். தவறான விடையை மட்டும் காட்டி நகர்ந்தால் அவ்வச்சம் நியாயமானதே. அது ஏன் சரிபோலத் தோன்றியது, எங்கே உடைகிறது என்ற இரண்டையும் அங்கேயே சொல்லிவிட்டால் அச்சத்திற்கு இடமில்லை. ஏற்கெனவே சரியாக விடையளித்தவர்களுக்கு இவ்வகுப்பு அதிகம் தராது என்பது உண்மைதான். அவர்களுக்காகப் பத்து அலகுகளையும் ஓட்டிக் காட்டுவதைவிட, அந்த இருபது பேரின் ஒரே தவற்றைத் திருத்துவது மேல். இரு தாள்களின் கூட்டு மதிப்பெண்ணே தகுதியை முடிவு செய்யும் இத்தேர்வில், விளிம்பில் நிற்கும் மாணவருக்கு இரண்டு வினாக்களின் நான்கு மதிப்பெண்கள் இன்னும் ஓர் அரையாண்டுக் காத்திருப்பைத் தவிர்த்துவிடக்கூடும்.