இருபத்தொன்பதாம் நோன்பின் மாலை

நோன்பு மாதத்தில் எங்கள் சேலம் வீட்டு மொட்டைமாடிக்கு ஒரே ஒரு மாலை மட்டும் கூட்டம் வரும். அது இருபத்தொன்பதாவது நோன்பின் மாலை. பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள்; தெரியாவிட்டால் முப்பதாவது நோன்பு. முப்பது முடிந்துவிட்டால் யாரும் வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை, மாதம் அதற்கு மேல் நீளாது.

2024 ஏப்ரல் 9 அப்படி ஒரு மாலை. முந்தைய இரவு 11.50 மணி அளவில்தான் அமாவாசை நேர்ந்திருந்தது. சேலத்தில் ஆறரை மணி வாக்கில் சூரியன் மறைந்தபோது பிறையின் வயது பதினெட்டரை மணி நேரம். நிலவு வட்டத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் ஒளி. அந்தி வெளிச்சம் மங்கிய பிறகே அந்தக் கீற்று கண்ணுக்குப் புலப்படும். அதற்குள் அதுவும் மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும். நடுவில் கிடைப்பது அரைமணி நேரம்கூட இல்லை. அடிவானத்தில் கோடைப் புழுதி நின்றால் அதுவும் போச்சு.

"அதோ, அதோ!" என்று பிள்ளைகள் காட்டியதெல்லாம் மேகக் கீற்று. பிறையின் கொம்புகள் சூரியன் மறைந்த பக்கத்துக்கு எதிர்ப்புறமாகத்தான் நிற்கும். அதனால், பார்த்தேன் என்று வருபவரிடம் ஹஜ்ரத் முதலில் நேரத்தைக் கேட்பார். பிறகு சூரியன் இறங்கிய இடத்துக்கு எந்தப் பக்கம், கொம்பு எந்தப் பக்கம் என்று கேட்பார். ஹனஃபி மத்ஹபில், மேகமூட்டமாக இருந்தால் பெருநாள் பிறைக்கு நம்பகமான இரண்டு பேரின் சாட்சி போதும். வானம் தெளிவாக இருந்தால் பலர் பார்த்திருக்க வேண்டும். அத்தனை பேர் தேடியும் இருவர் கண்ணுக்கு மட்டும் பட்டதென்றால் சந்தேகம் வருமல்லவா?

ஊர்ச் செய்திகள் சென்னையில் தலைமை காஜியிடம் சேர்ந்து, அங்கிருந்து அறிவிப்பு வரும்வரை பள்ளிவாசலில் காத்திருப்புதான். பிறை உறுதியானால் அன்றிரவு தராவீஹ் இல்லை. கடைசிப் பத்து நாளாய்ப் பள்ளியிலேயே இஃதிகாஃப் இருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்புவார்கள். பெருநாள் தொழுகைக்கு முன் ஏழைகளின் கைக்குச் சேரவேண்டிய ஃபித்ராவை அந்த இரவிலேயே பிரித்துக் கொடுக்க ஓட வேண்டும். தெருவெல்லாம் தக்பீர் ஒலிக்கும்.

அன்று அறிவிப்பு வேறாக வந்தது: பிறை தென்படவில்லை, பெருநாள் 11ஆம் தேதி. நாங்கள் தராவீஹ் தொழுதுவிட்டு, சஹருக்கு அரிசி களைந்து வைத்தோம். எங்களைப் போலவே மார்ச் 12இல் நோன்பைத் தொடங்கிய கேரளத்திலோ பிறை தெரிந்துவிட்டது. மறுநாள் பாலக்காட்டில் பெருநாள், சேலத்தில் முப்பதாவது நோன்பு.

யாருடைய கணக்கும் தவறவில்லை. பிறை எங்கே நிற்கும் என்பதைக் கணக்கு சொல்லிவிடும். அதைக் கண்டேன் என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அப்படி யாரும் முன்வராத ஊரில் இன்னொரு நாள் பசித்திருப்பதே முறை. அந்த முப்பதாவது நோன்பை நான் ஒருபோதும் கூடுதல் நோன்பாக எண்ணியதில்லை.