பின்பக்க விடை போதுமா?



முதலாண்டுக் கணக்குத் தாளில் தொகையிடல் பயிற்சி வந்துவிட்டால் நம்மிடையே ஒரு பழக்கம் உண்டு. கணக்கைப் போடுவோம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்புவோம். அங்கே இருக்கிற எண்ணும் நம் நோட்டில் இருக்கிற எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒரு டிக். "வந்துடுச்சு மச்சி, அடுத்த கணக்கு!" அவ்வளவுதான்.

பகுதித் தொகையிடலில், அதாவது நாம் 'இன்டக்ரேஷன் பை பார்ட்ஸ்' என்று சொல்கிற முறையில், அதுவும் லிமிட் கொடுத்த கணக்குகளில், இந்தப் பழக்கம் நம்மை ஏமாற்றுகிறது என்பது என் கருத்து. பின்பக்க விடையோடு ஒத்துப்போவது, கணக்கைச் சரியாகப் போட்டதற்குச் சாட்சி ஆகாது. அந்தச் சாட்சியை வகையிடல்தான் சொல்ல வேண்டும். அதுவும் லிமிட் போடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். லிமிட் போட்ட பிறகு கையில் இருப்பது வெறும் எண். எண்ணை வகையிட்டால் பூஜ்யம்தானே வரும்! எதைச் சரிபார்ப்பது?

சும்மா சொல்லவில்லை. ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். x cos x என்பதை 0 முதல் π வரை தொகையிட வேண்டும். u = x, dv = cos x dx என்று எடுத்தால் v = sin x. சூத்திரப்படி,

∫ x cos x dx = x sin x − ∫ sin x dx = x sin x + cos x

மேல் எல்லை π போட்டால் 0 − 1 = −1. கீழ் எல்லை 0 போட்டால் 0 + 1 = 1. கழித்தால் −2. பின்பக்கத்திலும் −2தான் இருக்கும்.

இப்போது ஒரு மாணவர் அவசரத்தில் முதல் உறுப்பின் குறியை மாற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். −x sin x + cos x என்று எழுதிவிட்டார். லிமிட் போடுகிறார். π போட்டால் −1, 0 போட்டால் 1, விடை −2. டிக்! எப்படி வந்தது? sin 0 பூஜ்யம், sin π பூஜ்யம். ஆகவே முதல் உறுப்பில் குறியை மாற்றினாலும் சரி, இரண்டால் பெருக்கினாலும் சரி, அந்த உறுப்பையே விட்டுவிட்டாலும் சரி, விடை −2தான். தவறு எல்லைகளிலேயே மறைந்துபோகிறது.

இதே தவறோடு மேல் எல்லையை π/2 என்று மாற்றிப் பாருங்கள். சரியான விடை π/2 − 1, அதாவது சுமார் 0.571. நம் மாணவருக்கு வருவது −π/2 − 1, அதாவது சுமார் −2.571. 0 முதல் π/2 வரை x cos x எங்குமே பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அதன் பரப்பு மைனஸாக வரவே முடியாது. நேற்று டிக் வாங்கிய அதே வழி, இன்று தேர்வில் எல்லை மாறியதும் கவிழ்கிறது.

இது ஏதோ ஒரு கணக்கின் விசித்திரம் இல்லை. பயிற்சிக் கணக்குகளில் எல்லைகள் பெரும்பாலும் 0, 1, π, π/2 என்றே இருக்கின்றன. கூட்டல் கழித்தல் எளிதாக வரட்டும் என்றுதான் அப்படி வைக்கிறார்கள். ஆனால் சில உறுப்புகள் பூஜ்யமாகிவிடுவதால்தானே எளிதாகிறது? அந்த உறுப்புகளோடு அவற்றில் இருக்கும் தவறும் சேர்ந்து போய்விடுகிறது.

"எனக்குப் பெர்னோலி சூத்திரம் தெரியும், குறி தவறாது" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் ஒரு கணக்கு. x² sin x, 0 முதல் π வரை. அந்தச் சூத்திரத்தில் பிளஸ், மைனஸ் மாறி மாறி வரும். sin, cos தொகையிடும்போது வேறு மைனஸ்கள் வரும். இரண்டு வகைக் குறியும் கலக்கிற இடத்தில்தான் வழுக்கும். சரியான கோவை இது:

−x² cos x + 2x sin x + 2 cos x

எல்லை போட்டால் π² − 4, சுமார் 5.87. நடு உறுப்பைப் பாருங்கள். அதிலும் sin x இருக்கிறது. அதை −2x sin x என்று எழுதினாலும் π² − 4தான் வரும். பின்பக்கம் மறுபடியும் தலையாட்டும்.

சரி, வகையிட்டால் எப்படித் தெரியும்? பகுதித் தொகையிடல் என்பதே பெருக்கல் விதியைத் திருப்பிப் போட்டதுதான். ஆகவே திரும்ப வகையிடும்போது ஒரு ஒழுங்கு தெரியும். முதல் உறுப்பு, கேட்ட சார்பையும் கூடவே ஒரு உபரியையும் தரும். அடுத்த உறுப்பு அந்த உபரியை அடிக்கும். x sin x + cos x என்பதை வகையிட்டால் sin x + x cos x − sin x. உபரியாக வந்த sin x அடிபட்டு x cos x மட்டும் நிற்கிறது. தவறான −x sin x + cos x என்பதை வகையிட்டால் −sin x − x cos x − sin x. எதுவும் அடிபடவில்லை. −x cos x − 2 sin x என்று நிற்கிறது. ஒரே வரியில் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

இதைவிட நல்ல விஷயம் ஒன்று உண்டு. வகையிடல் 'தவறு' என்று சொல்வதோடு நிற்பதில்லை. எங்கே தவறு, எவ்வளவு தவறு என்றும் சொல்லும். x e^(2x) என்பதை 0 முதல் 1 வரை தொகையிடும் கணக்கை எடுத்துக்கொள்வோம். இதில் u = x, v = e^(2x)/2. அடுத்த படியில் e^(2x)/2 என்பதை மறுபடி தொகையிடும்போது இன்னொரு 2ஆல் வகுக்க வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் வகுக்காமல் விடுகிறார்கள். அப்போது கிடைப்பது:

x e^(2x)/2 − e^(2x)/2

இதை வகையிடுங்கள். முதல் உறுப்பு e^(2x)/2 + x e^(2x) தருகிறது. இரண்டாவது −e^(2x) தருகிறது. மொத்தம் x e^(2x) − e^(2x)/2. நமக்கு வேண்டியது x e^(2x) மட்டும். e^(2x)/2 குறைகிறது. உடனே எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். குறைகிறதை மட்டும் தொகையிட்டுச் சேர்த்தால் போதும். e^(2x)/2 என்பதன் தொகையீடு e^(2x)/4. அதைச் சேர்த்தால்,

x e^(2x)/2 − e^(2x)/4

சரியான கோவை வந்துவிட்டது. ஆனால் குறைகிற பகுதியில் கேட்ட சார்பே திரும்ப வந்து நின்றால், தவறு பெரும்பாலும் முதல் உறுப்பிலேயே இருக்கும். மேலே x cos x கணக்கில் அப்படித்தான் ஆனது. அப்போது ஒட்டுப்போடாமல் முதல் படிக்கே போய்விடுவது நல்லது.

வகையிடல் எல்லாத் தவறையும் பிடிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கும் ஒரு எல்லை உண்டு. கோவை சரியாக இருந்து, லிமிட் போடுவதில் தவறினால் அதற்கு ஒன்றும் தெரியாது. இதே கணக்கில் மேல் எல்லை 1 போட்டால் e²/2 − e²/4, அதாவது e²/4. கீழ் எல்லை 0. "பூஜ்யம் போட்டால் பூஜ்யம்தானே" என்று விட்டுவிட்டால் விடை e²/4, சுமார் 1.847. உண்மையில் e^0 என்பது 1. கீழ் எல்லையின் மதிப்பு −1/4. அதைக் கழித்தால் கூடும். சரியான விடை (e² + 1)/4, சுமார் 2.097.

இந்தத் தவறைப் பிடிக்க நம் கையில் இருக்கிற இன்னொரு கருவி சிம்ப்சன் விதி. x e^(2x) என்பதன் மதிப்பு 0இல் 0, 0.5இல் 1.359, 1இல் 7.389. இரண்டு பட்டைகளாகப் பிரித்தால்,

(0.5/3) × (0 + 4 × 1.359 + 7.389) = 2.138

நான்கு பட்டைகளாகப் பிரித்தால் 2.100 வருகிறது. போகிற திசை 2.097ஐ நோக்கி இருக்கிறதே தவிர 1.847ஐ நோக்கி இல்லை. ஆக, கோவைக்குக் காவல் வகையிடல். எல்லைக்குக் காவல் இந்த உத்தேசப் பரப்பு. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

"தேர்வில் இதுக்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்பீர்கள். சிம்ப்சன் விதிக்கு நேரம் இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் போடும்போது செய்தால் போதும். தேர்வில் கீழ் எல்லை 0 என்றால் e^0, cos 0 இரண்டும் 1 என்பதை மட்டும் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வகையிட்டுப் பார்ப்பது இரண்டு வரி வேலை. மேலே நான் போட்டதெல்லாம் இரண்டு வரிக்குள் அடங்கியவைதான். குறி தவறிப்போய், எங்கே என்று தெரியாமல் பக்கம் முழுக்கத் தேடுகிற நேரத்தோடு ஒப்பிட்டால் இது மிச்சம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. நாளை மின்னியல் மாணவர் ஒருவர் மின்னோட்டம் i = t e^(−2t) என்று கொடுக்கப்பட்டு, குறிப்பிட்ட நேரத்தில் பாய்ந்த மின்னூட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அதுவும் இதே பகுதித் தொகையிடல்தான். மைனஸ் வேறு கூடுதலாக வருகிறது. அங்கே திருப்பிப் பார்க்கப் பின்பக்கம் கிடையாது.

ஆகவே நம் சங்கத்தின் வழியாகக் கணிதத் துறைக்கு இரண்டு கோரிக்கைகள் வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஒன்று, பயிற்சித் தாளின் விடைப் பக்கத்தில் எண்ணை மட்டும் கொடுக்காமல், லிமிட் போடுவதற்கு முந்தைய கோவையையும் கொடுக்க வேண்டும். −x sin x + cos x எழுதியவருக்கு அப்போதாவது தெரியட்டும். இரண்டு, மாதத் தேர்வில் வகையிட்டுச் சரிபார்த்த வரிக்கு ஒரு மதிப்பெண் ஒதுக்க வேண்டும். ஒரு மார்க் என்றால் நாம் எல்லோரும் எழுதுவோம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்!

அதுவரை நோட்டில் கோவையை எழுதி, சுற்றிக் கட்டம் போட்டு, கீழே வகையிட்டு, உபரி அடிபடுகிறதா என்று பார்த்துவிட்டு லிமிட் போடுவோம். கடைசிப் பக்கத்தைத் திருப்புவது அதற்கு அப்புறம் இருக்கட்டும்.