லொஃப்ட் எண்டால் சீலிங்கைக் கழற்றுறது மட்டும்தானா?

கொழும்பில் வீடு கட்டுகிறவர்கள் பகிரும் படங்களில் இப்போது ஒரே முகம்தான். கறுப்பு இரும்புச் சட்டம் போட்ட யன்னல், மாபிள் பதிக்காத சீமெந்துத் தரை, சீலிங் இல்லாமல் மரமும் இரும்பும் தெரியும் கூரை. பெயர் லொஃப்ட். கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய ஸ்டோர்ஸைக் கண்டால் "மச்சான், இதை லொஃப்ட் ஆக்கினா எப்பிடி இருக்கும்!" என்று கேட்கிற நண்பர்கள் எங்களுக்கும் உண்டு. இடிப்பதைவிட மாற்றுவது நல்லது, அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. எதை மாற்றுகிறோம் என்று பாராமல் மாற்றுவதோடுதான் சண்டை.

இந்த முகம் வந்த கதையைப் பாருங்கள். நியூயோர்க்கின் சோஹோவில் தொழிற்சாலைகள் வெளியேறிய மாடிகளில், வாடகை மலிவு என்பதால் ஓவியர்கள் குடியேறினார்கள். அது சட்டவிரோதம், 1971இல்தான் நகரம் அதை அனுமதித்தது. கூரை திறந்து கிடந்தது அழகுக்காக இல்லை, மூடக் காசில்லாததால். அந்த இல்லாமை எப்படி வீட்டுச் சந்தைச் சரக்கானது என்று ஷரோன் சூக்கின் 1982இலேயே ஒரு முழுப் புத்தகம் எழுதிவிட்டார். எங்கள் ஊரில் கதை இன்னும் வேடிக்கை. 1933இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்த வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்த நிலத்தில் இன்று ஹவ்லொக் சிற்றியின் கோபுரங்கள் நிற்கின்றன. நிஜ ஆலை போய்விட்டது. ஆலை மாதிரி வீடுதான் இப்போது எல்லாருக்கும் வேணுமாம்.

சரி, கூரைக்கு வருவோம். நியூயோர்க் மாடிகளில் தலைக்கு மேல் பெரும்பாலும் மரம் இருந்தது. கொழும்புக் கிட்டங்கிகள் பலவற்றில் இருப்பது அஸ்பெஸ்டஸ் சீற். வெடிக்காமல், உடையாமல் இருக்கும்வரை அதிலுள்ள நார் சீமெந்துக்குள் கட்டுண்டு கிடக்கும். ஆனால் "எக்ஸ்போஸ்ட் லுக்" வேணும் என்று தொடங்கியதும் முதலில் நடப்பது என்ன? சீலிங்கைக் கழற்றுகிறார்கள். சீற்றின் அடிப்பக்கக் கரியையும் பழைய பெயின்ற்றையும் கம்பித் தூரிகையால் தேய்க்கிறார்கள், அல்லது வேகத் தண்ணீர் அடிக்கிறார்கள். பிறகு விளக்குத் தொங்கவிடத் துளை போடுகிறார்கள். நார் வெளியே வர இந்த மூன்று வேலையும் தாராளமாகப் போதும். அந்தத் தூசியைச் சுவாசித்தவருக்கு நோய் தெரிய 20, 30 வருடம்கூடச் செல்லும். அதனால் யாரும் அந்த நாளையும் அந்த வேலையையும் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. முகத்தில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு மேலே ஏறுகிறவர் நாட்கூலிக்கு வந்த ஒருவர். லேஞ்சி அந்த நாரை நிறுத்தாது.

அப்படியானால் திறந்த கூரையே வேண்டாமா? வேணும் என்றால் வழி இருக்கு. சீற்றைத் தேய்க்காமல் நனைத்து, ஆணியை இழுத்து உடைக்காமல் கழற்றி, முழுதாக இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்றவேண்டும். வேலை செய்பவருக்கு நுண்தூசியை வடிக்கும் சரியான முகக்கவசம் தரவேண்டும். பிறகு மர வளைகளின் முனைகளை, சுவருக்குள் போகும் இடத்தில், ஸ்குரூட்றைவரால் குத்திப் பாருங்கள். கறையானும் ஈரமும் முதலில் பிடிப்பது அங்கேதான்; முனை உள்ளே இறங்கினால் அந்த மரத்தை நம்பக்கூடாது. மரம் சரியென்றால் அதன் மேல் பலகை, பலகைக்கு மேல் வெப்பத்தடுப்பு, எல்லாவற்றுக்கும் மேல் புதிய தகரம். உள்ளிருந்து பார்த்தால் கூரை முழுதாகத் தெரியும், சூடு இறங்காது. வெறும் தகரம் மட்டும் போட்டால் மத்தியான வெயிலில் 60 பாகையைத் தாண்டும். அதற்குக் கீழே ஏசி போட்டு மின்சாரத்துக்குக் காசு கட்டுவதுதான் மிச்சம். பழைய கிட்டங்கிக்காரர் இதை அறிந்தே முகட்டில் காற்றுப்போக இடைவெளி விட்டிருப்பார். ஏசிக்காக அதை அடைப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

யன்னலிலும் இதே கதை. கடலிலிருந்து சில நூறு மீற்றரில் உள்ள வெள்ளவத்தையில் வெறும் இரும்புக்குப் பெயின்ற் மட்டும் பூசினால் கீழ் மூலையில் துரு வீங்கி, கண்ணாடியே வெடிக்கும். வெட்டி, ஒட்டி முடித்த பிறகு முழுச் சட்டத்தையும் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கவேண்டும். செலவு கூடத்தான். முடியாவிட்டால் மரம் போடுங்கோவன், யார் வேண்டாம் எண்டது? தரைக்கு ஒரு சின்னச் சோதனை: ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் ரேப் ஒட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் அடியில் ஈரம் என்றால், பளபளப்புப் பூச்சு உரிந்துதான் வரும்.

இதையெல்லாம் செய்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. கழற்றிய சீற் எங்கே போகிறது? நாங்கள் கண்டவரை, அது லொறியில் ஏறி பாதி விலைக்கு விலைபோகிறது. வாங்குகிறவர் அதே கொட்டாஞ்சேனையில், பின் ஒழுங்கையில், ஒரு அறை வீட்டுக்காரர். அவர் அதை அளவுக்கு வாளால் அறுத்துத் தன் பிள்ளைகள் படுக்கும் இடத்துக்கு மேலே போடுகிறார். அவருடைய வீட்டிலும் சீலிங் இல்லை, தரையும் வெறும் சீமெந்துதான். அதை மட்டும் யாரும் லொஃப்ட் எண்டு சொல்லுறதில்லை.